ரேக் ஏறாத சரக்கு

ஒரு பிஸ்கட் பெட்டி கிடங்குக்குள் வந்து வெளியே போவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். லாரியிலிருந்து இறக்க வேண்டும், எண்ண வேண்டும், போர்க்லிஃப்டில் எடுத்துப்போய் ரேக்கில் ஏற்ற வேண்டும், எந்த ரேக், எந்தத் தட்டு என்று பதிய வேண்டும். நாலு நாள் கழித்துக் கடையிலிருந்து ஆர்டர் வந்ததும் அதே பெட்டியைத் தேடிப் பிடித்து இறக்கி, மறுபடியும் எண்ணி, வேறு லாரியில் ஏற்ற வேண்டும். இதில் நடுவே நடக்கும் வேலைகளால் பிஸ்கட்டின் ருசி கூடுவதில்லை, விலையும் ஏறுவதில்லை. ரேக்குக்கு வாடகை, போர்க்லிஃப்டுக்குச் சார்ஜ், ஆளுக்குச் சம்பளம், முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி என்று செலவு மட்டும் ஏறுகிறது.

அந்த நடுப்பகுதியை அப்படியே வெட்டிவிடுவதுதான் கிராஸ் டாக்கிங். வரும் லாரி ஒரு பக்கத்து வாசலில் நிற்கும். கடைகளுக்குப் போகும் வண்டிகள் எதிர்ப்பக்க வாசல்களில் நிற்கும். இறங்குகிற சரக்கு, விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறுகிற பயணி மாதிரி, தளத்தைக் குறுக்கே கடந்து அடுத்த வண்டியில் ஏறிவிடும். ரேக் பக்கமே போகாது.

இதை உலகம் கவனிக்க வைத்தது அமெரிக்காவின் வால்மார்ட். 1992-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வந்த ஒரு கட்டுரை வால்மார்ட்டையும் கேமார்ட்டையும் ஒப்பிட்டது. வால்மார்ட் தன் சரக்கில் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தன் சொந்தக் கிடங்குகள் வழியாகவே அனுப்பியது. கேமார்ட்டில் அது 50 சதவீதம். கிடங்குக்குள் வந்த சரக்கு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் ஒரு வாசலிலிருந்து எதிர் வாசலுக்குக் கடந்து போய்விட்டது. இந்த ஏற்பாட்டால் வால்மார்ட்டின் விற்பனைச் செலவு அந்தத் துறையின் சராசரியைவிட 2 முதல் 3 சதவீதம் குறைந்தது என்று அந்தக் கட்டுரை கணக்குப் போட்டிருந்தது. மளிகை வியாபாரத்தில் லாபமே இந்த அளவில்தான் நிற்கும் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு சதவீதத்தின் அருமை புரியும்.

அப்படியானால் கேமார்ட்டும் அதையே செய்திருக்கலாமே? அங்கேயும் லாரி இருந்தது, கிடங்கு இருந்தது, லோடிங் டாக்கும் இருந்தது. இல்லாதது தகவல். எந்தக் கடையில் எது தீர்ந்தது, எந்தச் சப்ளையரின் லாரியில் என்ன ஏறியது, அது எப்போது வந்து சேரும் என்று லாரி வருவதற்கு முன்பே கிடங்குக்குத் தெரிய வேண்டும். அதற்காக வால்மார்ட் 1980-களில் தனக்கென ஒரு செயற்கைக்கோள் தொடர்பு வலையையே அமைத்துக்கொண்டு, கடைகளின் விற்பனை விவரத்தைச் சப்ளையர்களுக்கு அனுப்பியது. அன்று வால்மார்ட் பெரும் பணம் கொட்டிச் செய்த அந்த வேலையில் பெரும்பகுதியை இன்று நடுத்தர நிறுவனங்களில்கூட ஈ.ஆர்.பி. மென்பொருள் செய்கிறது. கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதால், ஒரு கடையின் தேவையையும் வழியில் வந்துகொண்டிருக்கும் ஒரு லாரியையும் அதனால் முடிச்சுப் போட முடிகிறது.

முடிச்சு என்பது இங்கே வெறும் பேச்சு வழக்கு இல்லை. சாதாரண முறையில் கடைகளின் ஆர்டர் தனியாகவும், சப்ளையருக்குப் போகும் பர்ச்சேஸ் ஆர்டர் தனியாகவும் இருக்கும்; இரண்டுக்கும் நடுவே கிடங்கின் இருப்பு நிற்கும். கிராஸ் டாக்கிங்கில் அந்த இருப்பு இல்லை. அதனால் பர்ச்சேஸ் ஆர்டரின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், இதில் எத்தனை பெட்டி எந்தக் கடைக்கு என்ற பிரிப்பும் சேர்ந்தே பதிவாகியிருக்க வேண்டும். பெட்டி இன்னும் தொழிற்சாலையை விட்டே கிளம்பியிருக்காது, ஆனால் அது ஏறப்போகும் இரண்டாவது வண்டி சிஸ்டத்தில் தயாராக இருக்கும்.

இதைத் திரையிலேயே பார்க்க வேண்டுமானால் பெல்ஜியத்தில் உருவான ஓடூ என்ற ஈ.ஆர்.பி. வசதியானது. அதில் கிடங்கின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. சரக்கு இறங்கும் தளம் `WH/Input`, ரேக் பகுதி `WH/Stock`, வெளியே போகத் தயாராக நிற்கும் தளம் `WH/Output`. சாதாரணப் பொருள் இந்த மூன்றையும் வரிசையாகத் தொட்டுப் போகும். ஒரு பொருளுக்கு `Buy`, `Cross-Dock` என்ற இரண்டு வழித்தடங்களையும் டிக் செய்துவிட்டால், அதற்கு ஆர்டர் உறுதியானதும் சப்ளையருக்கான கொள்முதல் கோரிக்கையை மென்பொருள் தானே தயாரிக்கிறது. சரக்கு வந்ததும் `WH/Input`-இலிருந்து நேரே `WH/Output`-க்கு ஓர் இடமாற்றத்தைக் காட்டுகிறது. `WH/Stock` கண்ணிலேயே படாது. எஸ்.ஏ.பி., ஆரக்கிள் போன்ற பெரிய மென்பொருள்களில் நுணுக்கங்கள் அதிகம் என்றாலும் அடிப்படை இதுதான்.

லாரி கிளம்பும்போது சப்ளையர் அனுப்ப வேண்டிய ஒரு மின்னணுச் செய்தி உண்டு. அனுப்புகை முன்னறிவிப்பான அதை இந்தத் தொழிலில் எல்லோரும் ஏ.எஸ்.என். என்றுதான் சொல்வார்கள். எந்தப் பேலட்டில் எந்தப் பொருள், எத்தனை பெட்டி, என்ன பேட்ச், எப்போது காலாவதி என்ற விவரம் அதில் இருக்கும். ஒவ்வொரு பேலட் மீதும் 18 இலக்க எண்ணோடு ஒரு பார்கோடு ஒட்டியிருக்கும். பொருளின் மேலிருக்கும் சாதாரண பார்கோடு ஒரே ரகப் பாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். இந்த 18 இலக்க எண்ணோ அந்த ஒரு பேலட்டுக்கு மட்டுமே சொந்தம். இறக்கும் தளத்தில் நிற்பவர் ஸ்கேனரை அதன்மீது காட்டினால், ஏ.எஸ்.என்.-இல் ஏற்கெனவே வந்து காத்திருக்கும் விவரம் முழுதும் விரிந்துகொள்ளும். கையிலிருக்கும் சின்னத் திரையில் ரேக் எண் வர வேண்டிய இடத்தில் வெளிவாசல் எண் வரும். அவர் பேலட் ட்ரக்கைத் தள்ளிக்கொண்டு அந்த வாசலுக்குப் போய், வாசலில் ஒட்டியிருக்கும் பார்கோடையும் ஸ்கேன் செய்வார். வாசல் மாறியிருந்தால் அங்கேயே பீப் அடித்துத் தடுக்கும்.

காகிதத்தில் இது அழகாகத்தான் இருக்கிறது. சரக்கு குறைவாக வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும்போதுதான் ஈ.ஆர்.பி.யின் உண்மையான வேலை தெரியும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பல்பொருள் அங்காடிக் குழுமத்தின் விநியோக மையம். ஐந்து கடைகள் கேட்டிருக்கும் பிஸ்கட்: தாம்பரம் 80 பெட்டி, வேளச்சேரி 70, அண்ணா நகர் 60, காஞ்சிபுரம் 50, வேலூர் 40. மொத்தம் 300. பேலட்டுக்கு 30 பெட்டியாகப் பத்துப் பேலட் வருவதாக ஏ.எஸ்.என். சொல்கிறது. விடியற்காலையில் லாரி வந்து நிற்கிறது. கதவைத் திறந்து இறக்கிக்கொண்டே வரும்போது, கடைசியில் இருந்த ஒரு பேலட் முழுக்க மழையில் நனைந்திருக்கிறது. பக்கத்துப் பேலட்டிலும் 6 பெட்டி ஈரம். ஆக 36 பெட்டி கழிவு. நல்லது 264.

ரேக்கில் இருப்பு இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை, அங்கிருந்து 36 எடுத்துக்கொள்ளலாம். இங்கே பின்னால் ஒன்றும் இல்லை. யாருக்கு எவ்வளவு குறைப்பது? பொதுவாக வைக்கும் விதி, கேட்ட அளவுக்கு விகிதமாகக் குறை என்பது. 300-க்கு 264 என்றால் 88 சதவீதம். தாம்பரத்துக்கு 70.4, வேளச்சேரிக்கு 61.6, அண்ணா நகருக்கு 52.8, காஞ்சிபுரத்துக்கு 44, வேலூருக்கு 35.2. பெட்டியை உடைக்க முடியாதே. முதலில் தசமத்தை வெட்டிவிட்டு முழுப் பெட்டியாகக் கொடுத்தால் 262 போகும், மீதி இரண்டு. வெட்டுப்பட்ட தசமம் பெரிதாக இருந்த அண்ணா நகருக்கும் வேளச்சேரிக்கும் ஆளுக்கு ஒன்று. முடிவில் 70, 62, 53, 44, 35. நம் கைக்கு இது ஐந்து நிமிட வேலை. ஒரே லாரியில் இருபது ரகம், அறுபது கடை என்றால் மென்பொருள் இல்லாமல் நடக்காது.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேலூர் தூரம், அந்த வண்டிதான் முதலில் கிளம்பும். ஆகவே இறங்குகிற முதல் பேலட்டுகளிலிருந்தே அதற்கு ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். நனைந்த பேலட்டோ லாரியின் கடைசியில் இருக்கிறது. அது வெளிப்படும் நேரத்தில் வேலூர் வண்டி 40 பெட்டியோடு கேட்டைத் தாண்டியிருக்கும். மீதி 224 பெட்டியை 260 கேட்ட நாலு கடைகள் பங்கு போட வேண்டும்: தாம்பரம் 69, வேளச்சேரி 60, அண்ணா நகர் 52, காஞ்சிபுரம் 43. வேலூருக்கு மட்டும் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. வேலூருக்கு முன்னுரிமை என்று யாரும் முடிவு செய்யவில்லை, வண்டி முதலில் கிளம்பிய ஒரே காரணத்தால் அந்தச் சலுகை. ஒரு நாள் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் தூரத்துக் கடைகளுக்கு முழுச் சரக்கும் பக்கத்துக் கடைகளுக்கு அரைகுறையும் போய்க்கொண்டிருந்தால், ‘ஆர்டருக்கு எதிராகக் கொடுத்தது’ அறிக்கையைக் கடை வாரியாகப் பிரித்துப் பார்க்கும் ஒருவர்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். மொத்தச் சதவீதம் நன்றாகவே தெரியும்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. லாரி முழுவதையும் இறக்கி எண்ணி, வரவுப் பதிவை மூடிய பிறகே பிரிப்புக் கணக்கை ஓட்டுவது. நியாயம் கிடைக்கும்; அந்த நேரமெல்லாம் சரக்கு தளத்தில் நிற்கும், வேலூர் வண்டியும் காத்திருக்கும். இன்னொரு வழி, நம்பகமான சப்ளையரின் சரக்குக்கு மட்டும் இறங்க இறங்கப் பிரிப்பது, மற்றவர்களுக்கு எண்ணி முடித்த பின் பிரிப்பது. இரண்டாவது வழிதான் புத்திசாலித்தனமானது. ஆனால் ஈ.ஆர்.பி.யை நிறுவும்போது இப்படி ஒரு கேள்வி இருப்பதே பல இடங்களில் யாருக்கும் தோன்றுவதில்லை. மென்பொருளோடு வந்த விதி எதுவோ அதுவே ஓடிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னது முன்பே திட்டமிட்ட கிராஸ் டாக்கிங். சந்தர்ப்பம் பார்த்துச் செய்வது என்று இன்னொரு வகையும் உண்டு. சரக்கு ரேக்குக்குப் போவதற்காகவே வந்திருக்கும். ஸ்கேன் செய்கிற அந்த நொடியில் மென்பொருள், இதே பொருளுக்கு இன்னும் எடுத்துக் கொடுக்காத ஆர்டர் ஏதும் காத்திருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ரேக் எண்ணுக்குப் பதில் வாசல் எண்ணைக் காட்டிவிடும். ஒரு ஏற்றமும் ஓர் இறக்கமும் மிச்சம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது.

காலாவதித் தேதி உள்ள பொருளில் இதுவே பொறியாகிவிடும். ரேக்கில் மார்ச்சில் காலாவதியாகும் 60 பெட்டி சத்துமாவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று இறங்கும் லாரியில் ஜூன் மாதத்துச் சரக்கு. கடைகள் கேட்கிறபோதெல்லாம் புதுச் சரக்கு வாசலிலேயே பிடிபட்டு வெளியே போய்விட, ரேக்கில் இருக்கும் 60 பெட்டியும் அசையாமல் கிடக்கும். முதலில் காலாவதியாவதை முதலில் அனுப்பு என்ற கிடங்கின் பால பாடம் இங்கே மீறப்படுகிறது, மீறியது என்று ஒரு எச்சரிக்கையும் வராது. தளத்தில் வேலை படு சுறுசுறுப்பாக நடப்பதால் எல்லோரும் மகிழ்ச்சியாகவே இருப்பார்கள். இருப்பின் வயதைக் காட்டும் அறிக்கையில் ஒரே பேட்ச் எண் மாதாமாதம் அதே அளவோடு தலைகாட்டினால் சந்தேகப்பட வேண்டும். அந்தப் பொருளுக்கு ரேக்கில் பழைய பேட்ச் இருக்கும்வரை வாசலிலேயே பிடிப்பதை நிறுத்து என்று விதி எழுதுவதுதான் தீர்வு. பால், தயிர் போல ரேக்கில் தங்கவே தங்காத பொருள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கட்டடத்தின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஜான் பார்த்தோல்டி, கெவின் கூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்காகவே கணக்குப் போட்டார்கள். சுமார் 150 வாசல் வரை நீளமான நேர்க் கட்டடம்தான் நல்லது. அதற்கு மேல் ஆங்கில ‘டி’ வடிவம். 200-ஐத் தாண்டினால் ‘எக்ஸ்’ வடிவம். மூலைகள் கூடக் கூட வண்டி நிறுத்தும் இடம் வீணாகும், ஆனால் கட்டடம் மிக நீளமாகிவிட்டால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுகிற தூரம் அதைவிடப் பெரிய வீண். நம் ஊர்க் கிடங்குகளில் பெரும்பாலானவைக்கு நேர்க் கட்டடமே போதும். அதில் நிறையச் சரக்கு வாங்கும் கடைகளுக்கு நடு வாசல்களையும் கொஞ்சமாக வாங்குபவற்றுக்கு ஓர வாசல்களையும் ஒதுக்கினாலே லோடுமேன்களின் நடை கணிசமாகக் குறையும்.

இந்தியாவில் இன்னொரு படி இருக்கிறது: காகிதம். சப்ளையரின் இன்வாய்சும் இ-வே பில்லும் சரக்கை விநியோக மையத்தின் வாசல் வரைதான் கொண்டுவரும். அங்கிருந்து அதே மாநிலத்தில், அதே ஜி.எஸ்.டி. பதிவில் இருக்கும் சொந்தக் கடைக்குப் போக டெலிவரி சலான் போதும். அதே சரக்கு பெங்களூருக் கடைக்குப் போனால் வரியோடு இன்வாய்ஸ் போட வேண்டும். இ-வே பில்லின் பி பகுதியில் வண்டி எண் இருக்க வேண்டும். எந்தக் கடைச் சரக்கு எந்த வண்டியில் ஏறியது என்பது ஏற்றி முடித்த பிறகுதான் உறுதியாகும். இருபது நிமிடத்தில் சரக்கைக் கைமாற்றிவிட்டு, சலானுக்காக ஒரு மணி நேரம் டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே போய்விடும். வாசலில் கடைசிப் பெட்டியை ஸ்கேன் செய்ததுமே சலானும் இ-வே பில்லும் தானாக உருவாகும்படி இணைத்திருக்கிறார்களா என்பதுதான், ஒரு நிறுவனம் ஈ.ஆர்.பி.யை உண்மையில் பயன்படுத்துகிறதா, வெறுமனே வாங்கி வைத்திருக்கிறதா என்பதற்குச் சரியான அடையாளம்.

அவசரத்தில் நடக்கும் மிகச் சாதாரணமான தப்பு இங்கேதான் பிறக்கிறது. வரவுப் பதிவு முடியவில்லை, வண்டியோ கிளம்ப வேண்டும். “அனுப்பிடு, அப்புறம் என்ட்ரி போட்டுக்கலாம்” என்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவார். சிஸ்டத்தின் கணக்கில் வராத பொருளை வெளியே அனுப்ப முடியாது. ஒன்று பதிவு நிராகரிக்கப்படும், அல்லது இருப்பு மைனஸில் போகும். மறுநாள் கணக்குப் பிரிவு அந்த மைனஸைச் சரிக்கட்ட ஒரு திருத்தப் பதிவு போடும். அந்தத் திருத்தத்தில் நிஜமாகவே காணாமல் போன நாலு பெட்டியும் சேர்ந்து மறைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஷிஃப்ட் முடியும்போது சூப்பர்வைசர் தளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, திரையில் `WH/Input`, `WH/Output` இரண்டின் இருப்பையும் பார்க்க வேண்டும். அன்றைய வண்டிகளெல்லாம் போன பிறகு தளமும் காலியாக இருக்க வேண்டும், திரையும் பூஜ்யம் காட்ட வேண்டும். தளம் காலி, திரையில் 12 பெட்டி என்றால் ஏதோ ஒரு வண்டியில் ஸ்கேன் ஆகாமல் சரக்கு ஏறியிருக்கிறது. திரை பூஜ்யம், தளத்தில் மூன்று பெட்டி என்றால் அனுப்பியதாகப் பதிவான சரக்கு ஏறவில்லை; நாளைக் காலை ஏதோ ஒரு கடையிலிருந்து போன் வரும். இரண்டும் பொருந்தாத அன்றைக்கே தேடினால் காரணம் பெரும்பாலும் கிடைத்துவிடும். வாரக் கடைசிக்குத் தள்ளினால் கிடைக்காது.

எல்லாப் பொருளையும் இந்த வழியில் அனுப்ப முடியாது. எப்போதாவது ஒன்று விற்கும் பொருளுக்கு இது ஒத்துவராது. கடைக்கு ஒரு பாக்கெட் வீதம் பெட்டியைப் பிரிக்கிற கூலியே அதிகமாகிவிடும். தரச் சோதனை முடியும்வரை நிறுத்தி வைக்க வேண்டிய பொருளும் அப்படித்தான். வேகமாக ஓடும் சரக்கிலும்கூட, லாரி இரண்டு மணி நேரம் தாமதமானால் கடை வண்டிகள் காத்திருக்குமா, காலியாகக் கிளம்புமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, ஒரு கெடு நேரத்தைச் சிஸ்டத்தில் போட்டுவைக்க வேண்டும். பல மையங்கள் இந்தப் பயத்தாலேயே ஓடும் சரக்கில் அரை நாள் இருப்பை ரேக்கில் ஓரமாக வைத்துக்கொள்கின்றன. கிராஸ் டாக்கிங்கின் இலக்கணப்படி அது பிசகு, நடைமுறையில் நிம்மதி.

ஆகவே பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் சப்ளையரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொடக்கத்தில் சில வாரம் ஒவ்வொரு சப்ளையரின் ஏ.எஸ்.என்.-ஐயும் இறங்கிய சரக்கோடு பெட்டி பெட்டியாக ஒப்பிட வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டர் பெட்டிக் கணக்கில் இருக்க, ஏ.எஸ்.என். பாக்கெட் கணக்கில் வருவது, பழைய லேபிளின் மேலேயே புதிய லேபிளை ஒட்டி இரண்டு பார்கோடும் ஸ்கேன் ஆவது, சொல்லாமலேயே பெட்டிக்கு 24 பாக்கெட்டை 20 ஆக்கியது போன்ற கோளாறுகள் எல்லாம் அப்போது வெளியே வரும். பொருந்தி வருகிறவர்களின் சரக்குக்கு மட்டும் `Cross-Dock` டிக் விழும். அதன் பிறகும் தப்பு தொடர்ந்து வர ஆரம்பித்தால் அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஏ.எஸ்.என். சரியாகும்வரை அந்தச் சப்ளையரின் சரக்கைப் பழையபடி ரேக்குக்கே அனுப்புகிறார்கள். அதனால் கூடும் கையாளும் செலவைச் சப்ளையரின் பில்லில் கழிக்கலாம் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால், ஏ.எஸ்.என். சீக்கிரமே சரியாகிவிடுகிறது.